உங்கள் கமிஷன் யார் பையிலிருந்து வருகிறது?

"ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருந்தா ஒரு மீட்டிங்குக்கு வா. என்னன்னு போன்ல சொல்ல முடியாது, நேர்ல வந்து பாரு." ரொம்ப நாள் பேசாத கல்லூரி நண்பரோ, பழைய அலுவலகத்துத் தோழியோ, சித்தி மகனோ திடீரென்று இப்படிக் கூப்பிட்டால், அநேகமாக அது ஒரு 'ப்ளான்' காட்டும் கூட்டம்தான். அங்கே போனால் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். நடுவில் ஒரு வட்டம் போட்டு "இது நீங்க" என்பார்கள். அதற்குக் கீழே இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். அவர்களுக்குக் கீழே நான்கு பேர், அப்புறம் எட்டு, பதினாறு. கடைசியில் ஒரு பெரிய தொகையை எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவார்கள்.

"இது செயின் பிசினஸா?" என்று கேட்டால், "இல்லவே இல்லை, இது டைரக்ட் செல்லிங், அரசாங்கமே அனுமதிச்சது" என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். நேரடி விற்பனை என்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தொழில்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்தப் பலகையை நீங்களே படித்துவிடலாம்.

முதலில் நேர்மையான கமிஷன் வேலையைப் பார்ப்போம். எல்ஐசி முகவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிசி எடுப்பவர் தன் குடும்பத்துக்குக் காப்பீடு வேண்டும் என்று பிரீமியம் கட்டுகிறார். அந்தப் பிரீமியத்தில் ஒரு பங்கு முகவருக்குக் கமிஷனாகப் போகிறது. பாலிசி எடுத்தவர் வேறு யாரையும் சேர்த்துவிட வேண்டியதில்லை. அவர் வாங்கியது காப்பீடு, அதற்கு அவர் விலை கொடுத்தார், விற்றவருக்குக் கூலி கிடைத்தது. அவ்வளவுதான்.

இந்த அமைப்பிலும் மேலே ஒருவர் உண்டு. வளர்ச்சி அதிகாரி என்பவர் முகவர்களைத் தேடிப் பிடித்து, தேர்வுக்குத் தயார்செய்து, வேலை பழக்குகிறார். அவருடைய ஊக்கத்தொகை, அந்த முகவர்கள் கொண்டுவரும் பிரீமியத்தைப் பொறுத்தது. அவர் இருபது பேரைச் சேர்த்து, இருபது பேரும் ஒரு பாலிசிகூட விற்கவில்லை என்றால் அந்த இருபது பெயர்களால் அவருக்கு ஒன்றும் வராது. ஆகவே, "எங்களுக்கு மேலேயும் கீழேயும் ஆள் இருக்கிறார்கள்" என்பதை மட்டும் வைத்து ஒரு திட்டத்தை மோசடி என்று சொல்லிவிட முடியாது. எல்லாக் கடைகளிலும் அலுவலகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியது, மேலே போகும் பணம் எங்கே பிறக்கிறது என்பதைத்தான். அமைப்புக்கு வெளியே இருக்கும் ஒரு வாடிக்கையாளர், பொருளோ சேவையோ தனக்கு வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பணமா? அல்லது உள்ளே சேர்ந்தால் வருமானம் வரும் என்று நம்பி, புதிதாக வந்தவர் கட்டிய பணமா?

அமெரிக்காவில் 1975-ல் காஸ்காட் என்ற அழகுசாதன நிறுவனத்தின் வழக்கில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வகுத்த அளவுகோலும் இதுதான். பணம் கட்டிச் சேர்பவருக்கு இரண்டு உரிமைகள் கிடைக்கின்றன: ஒன்று, பொருளை விற்கும் உரிமை, இன்னொன்று, ஆள் சேர்த்தால் பலன் பெறும் உரிமை. அந்தப் பலன், பொருளைக் கடைசியாகப் பயன்படுத்துபவருக்கு விற்பதோடு தொடர்பில்லாமல் வந்தால் அது பிரமிட் திட்டம். இந்தியாவில் 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளும் நேரடி விற்பனையை அனுமதித்துவிட்டு, பிரமிட் திட்டத்தையும், ஆள் சேர்வதை வைத்துச் சுலபமாகப் பணம் தருவதாகச் சொல்லும் பணச்சுழற்சித் திட்டத்தையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. இந்தச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே ஒரு தடைச் சட்டம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பலகையைக் கீழிருந்து படிப்போம்

கூட்டத்தில் அந்தப் பலகையை மேலிருந்து கீழாகப் படித்துக் காட்டுவார்கள். மேலே நிற்பது நீங்கள் என்று ஆரம்பிப்பதால் எல்லாம் நன்றாகத் தெரியும். அதே பலகையைக் கீழ் வரிசையிலிருந்து மேலே படித்துப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துக்கொள்வோம். நம் ஊர்களில் 'பைனரி' என்ற பெயரில் சுற்றும் திட்டங்களின் அச்சு இதுதான்.

சேர்வதற்கு 12,000 ரூபாய்க்கு ஒரு 'பேக்' வாங்க வேண்டும். அதில் இரண்டு டப்பா சத்துமாவு, சோப்பு, பற்பசை, ஒரு பேன்ட் சட்டைத் துணி இருக்கும். கடையில் வாங்கினால் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியதும் உங்களுக்கு ஒரு ஐடி. உங்களுக்குக் கீழே இடதிலும் வலதிலும் ஐடி போட வேண்டும். இடதில் ஒன்று, வலதில் ஒன்று சேர்ந்தால் அது ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் 1,000 ரூபாய். உங்களுக்குக் கீழே எத்தனை வரிசை இறங்கினாலும் ஜோடிக் கணக்கு உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

எந்தப் பக்கமும் குறைவில்லாமல், எல்லோரும் சரியாக இரண்டிரண்டு பேரைச் சேர்த்து, பத்து வரிசை நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது திட்டம் சொன்னபடியே, ஒருவர்கூடச் சோம்பியிராமல் நடந்திருக்கிறது. மொத்தம் 1,023 பேர். கடைசி வரிசையில் மட்டும் 512 பேர். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை, வருமானம் சுழியம். அதற்கு மேல் வரிசையில் 256 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி, அதாவது 1,000 ரூபாய். அதற்கு மேலே 128 பேர், மூன்று ஜோடி, 3,000 ரூபாய். அதற்கும் மேலே 64 பேர், ஏழு ஜோடி, 7,000 ரூபாய். இதுவரை யாருக்கும் கட்டிய 12,000 திரும்பவில்லை. இந்த நான்கு வரிசைகளையும் கூட்டினால் 960 பேர்.

கீழிருந்து ஐந்தாவது வரிசையில் இருக்கும் 32 பேருக்குத்தான் முதன்முதலாக 15 ஜோடி சேர்ந்து 15,000 ரூபாய் வருகிறது. கட்டியதைக் கழித்தால் கையில் நிற்பது 3,000. அவர்களுக்கும் மேலே இருக்கும் 31 பேர்தான் சொல்லிக்கொள்ளும்படி சம்பாதித்தவர்கள். உச்சியில் இருக்கும் ஒரே ஒருவருக்கு 511 ஜோடி, 5,11,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மேடையேறி, தன் காரைப் பற்றிப் பேசுபவர் அவர்தான். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உண்மையாகவே அவருக்குப் பணம் வந்திருக்கிறது. அதனால்தான் அவர் பேச்சு எடுபடுகிறது.

இப்போது மொத்தக் கணக்கு. 1,023 பேர் கட்டியது 1,22,76,000 ரூபாய். ஜோடிப் பணமாக எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தது 40,97,000 ரூபாய். பொருள்களின் விலை தலைக்கு 3,000 என்று வைத்தால் 30,69,000 ரூபாய். மீதி 51,10,000 ரூபாய் திட்டத்தை நடத்துபவரிடம் நிற்கிறது. இவ்வளவு பணமும் எங்கிருந்து வந்தது? உள்ளே சேர்ந்தவர்களிடமிருந்து மட்டும்தான். வெளி ஆள் ஒருவர்கூட ஒரு சோப்பு வாங்கவில்லை.

"கடைசி வரிசைக்காரங்களும் ஆள் சேர்த்தா அவங்களுக்கும் வருமே" என்று கேட்கத் தோன்றும். கூட்டத்திலும் இதைத்தான் சொல்வார்கள். சரி, அந்த 512 பேரும் லாபம் பார்க்க இன்னும் நான்கு வரிசை வேண்டும். அதற்குப் புதிதாக 15,360 பேர் தேவை. அப்போது அந்த 15,360 பேரும் நஷ்டத்தில் இருப்பார்கள். எத்தனை வரிசை கூட்டினாலும், கடைசி நான்கு வரிசைகளில்தான் எப்போதும் பதினாறில் பதினைந்து பேர் இருப்பார்கள். ஏனென்றால் ஒவ்வொரு புது வரிசையிலும், தனக்கு மேலே உள்ள எல்லோரையும் கூட்டினால் வருவதைவிட ஒருவர் அதிகம். ஊரில் ஆள் தீர்ந்துபோன பிறகுதான் திட்டம் கவிழும், நாம் ஆரம்பத்திலேயே நுழைந்துவிட்டோம் என்று பலர் தேற்றிக்கொள்கிறார்கள். கவிழவே வேண்டாம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இதுதான் நிலைமை. ஆள் தீர்வதும் வெகு தூரத்தில் இல்லை: 26 வரிசை நிரம்ப 6.7 கோடிப் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.2 கோடி.

நிஜத்தில் இந்த மரம் இவ்வளவு ஒழுங்காக வளர்வதும் இல்லை. உங்களைச் சேர்த்துவிட்டு உங்களுக்கு மேலே இருக்கும் அப்லைன் தன் ஆட்களை உங்கள் இடது பக்கத்தில் போட்டுக்கொண்டே போவார். "உங்களுக்கு ஒரு லெக் நானே போட்டுத் தர்றேன், இன்னொன்னு மட்டும் நீங்க பாத்துக்குங்க" என்பார். இது உதவி போலத் தெரியும். ஆனால் பணம் ஜோடிக்குத்தான். இடதில் இருபது பேர் இருந்து வலதில் இரண்டே பேர் என்றால் உங்களுக்கு இரண்டு ஜோடி, 2,000 ரூபாய். இடது பக்கத்து இருபது பேரும் கட்டிய பணத்தில் மீதிப் பங்கு உங்களைத் தாண்டி மேலே போய்விடும். அந்த வலது பக்கத்தை நிரப்பத்தான் நீங்கள் மாமா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பிக்கிறீர்கள். சேர்ந்த முதல் நாளே நூறு பேரின் பெயரை எழுதச் சொல்வதன் காரணம் இதுதான். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் யாருக்குச் சத்துமாவு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. யார் உங்கள் பேச்சைத் தட்டமாட்டார்கள் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இந்தத் திட்டங்கள் மேல் இருக்கும் கோபத்தில் பெரும்பங்கு இதற்காகத்தான். 12,000 ரூபாயை எப்படியாவது திரும்பச் சம்பாதித்துவிடலாம். நம்பி வந்த அத்தையின் 12,000 போன பிறகு அந்த வீட்டு வாசலை மிதிப்பது கடினம்.

பொருள் இருக்கிறதே, அப்புறம் என்ன?

பழைய காலத்துச் சங்கிலித் திட்டங்களில் பொருளே இருக்காது. அவை சட்டத்தில் எளிதாக மாட்டிக்கொள்ளும். இப்போது வருபவற்றில் எல்லாம் பொருள் இருக்கிறது: தங்க நாணயம், தண்ணீர் சுத்திகரிப்பான், மூலிகைச் சாறு, ஆன்லைன் பாடம். ஆகவே பொருள் உண்டா என்று கேட்டுப் பயனில்லை. வருமானத் திட்டத்தில் இல்லாத ஒருவர், அந்த விலைக்கு, அந்தப் பொருளை, மறுபடி மறுபடி வாங்குகிறாரா என்று கேட்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. உங்களை அழைத்தவரிடம், போன மாதம் ஐடி இல்லாதவர்களுக்கு விற்ற பொருள்களின் மூன்று பில்களைக் காட்டச் சொல்லுங்கள். ஈரோட்டிலிருந்து சேலை எடுத்து வந்து வீட்டில் விற்கும் பெண்ணிடம் கேட்டால், யார் யார் வாங்கினார்கள், யார் இன்னும் பாக்கி என்று நோட்டையே எடுத்துக் காட்டிவிடுவார். பிரமிட் திட்டத்தில் இருப்பவர் "நாமதான் யூஸ் பண்றோமே, நாமளே கஸ்டமர்தானே" என்பார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மாதாமாதம் ஐடி 'ஆக்டிவாக' இருக்க இவ்வளவு ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அது சேர்ப்புக் கட்டணத்தைத் தவணையில் வசூலிப்பதுதான். வீட்டுப் பரணில் பிரிக்காத டப்பாக்கள் சேர்ந்துகொண்டே போனால், அவை விற்பனை ஆனவை அல்ல, உங்கள் மேல் இறக்கப்பட்டவை.

பெரிய நிறுவனங்களிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 2016-ல், ஊட்டச்சத்துப் பொருள் விற்கும் ஹெர்பலைஃப் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட தீர்வில் 20 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அத்தோடு, விநியோகஸ்தர்களுக்குத் தரும் பலன்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது, சரிபார்க்கப்பட்ட சில்லறை விற்பனையை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. நிறுவனம் பெரியது, விளம்பரத்தில் விளையாட்டு வீரர்கள் வருகிறார்கள் என்பது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

பொருளுக்குப் பதிலாக 'வேலை' வைக்கும் திட்டங்களும் இருக்கின்றன. கைபேசியில் விளம்பரம் பார்த்தால் பணம், வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்பார்கள். ஆனால் அதிகம் சம்பாதிக்க முதலில் ஒரு தொகை கட்டிப் 'ப்ளான்' எடுக்க வேண்டும், ஆள் சேர்த்தால் கூடுதல். இங்கேயும் அதே கேள்விதான். விளம்பரதாரர் யார், அவர் எவ்வளவு கொடுக்கிறார்? அதற்கு நம்பும்படியான பதில் இல்லை என்றால், உங்களுக்கு வருவது அடுத்து சேர்பவர் கட்டிய பணம்.

காகிதங்களை நம்பி ஏமாற வேண்டாம்

கூட்டத்தில் சில காகிதங்களைத் திரையில் காட்டுவார்கள். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், பான் அட்டை, ஐஎஸ்ஓ முத்திரை. "டிடிஎஸ் பிடிச்சுட்டுத்தான் பணம் தர்றோம், இல்லீகல்னா எப்படி டிடிஎஸ் பிடிப்போம்?" என்று கேட்பார்கள். கம்பெனிப் பதிவு என்பது அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் உருவானது என்பதற்கான சான்று மட்டுமே. ஜிஎஸ்டி எண் இருப்பது வரி கட்டப் பதிவு செய்ததைக் காட்டும். டிடிஎஸ் பிடிப்பது வருமானவரிச் சட்டத்தின் கடமை. இவற்றில் எதுவும் அந்த வருமானத் திட்டத்தை யாரோ ஆராய்ந்து ஒப்புதல் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை.

அதைவிட, நேர்மையான நேரடி விற்பனை எப்படி இருக்கும் என்று மத்திய அரசு சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2016-ல் மாதிரியாக வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன: விற்பனையாளரிடம் சேர்ப்புக் கட்டணம் வாங்கக்கூடாது, நியாயமான காலத்தில் விற்க முடிவதைவிட அதிகமாகச் சரக்கைத் தலையில் கட்டக்கூடாது, ஆள் சேர்த்ததற்காகப் பணம் தரக்கூடாது, மனம் மாறினால் விலகிக்கொள்ள அவகாசமும், விற்காத சரக்கைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். கடைசி விஷயத்தை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு, உங்கள் மேல் சரக்கை இறக்குவதில் லாபம் இல்லை. ஆகவே பணம் கட்டும் முன், "பிரிக்காத பேக்கைத் திருப்பிக் கொடுத்தால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பி வரும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "நம்பிக்கை இல்லாம ஏன் வர்றீங்க?" என்று திருப்பிக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

1978 சட்டத்தைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். பரிசுச் சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், திட்டத்தை நடத்துபவரை மட்டும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. அதில் உறுப்பினராகச் சேர்வதும், பங்கெடுப்பதும், அதற்காகப் பணம் வாங்குவதும் அனுப்புவதும்கூடத் தடை செய்யப்பட்டவை. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. கம்பெனி ஓடிப்போனால் உங்களுக்குக் கீழே சேர்ந்தவர் புகாரில் முதலில் எழுதப்போவது உங்கள் பெயரைத்தான், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். இலங்கையிலும் பிரமிட் திட்டம் நடத்துவது வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். அங்கே மத்திய வங்கி, தான் விசாரித்துத் தடைக்குள் வருவதாகக் கண்ட நிறுவனங்களின் பெயர்களை வெளியிடுகிறது.

ஏற்கெனவே உள்ளே இருந்தால்

முதலில், ஆள் சேர்ப்பதை நிறுத்துங்கள். போட்ட காசை எடுத்துவிட்டு நிறுத்துகிறேன் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மேலே பார்த்த கணக்கின்படி, உங்கள் 12,000 திரும்ப வேண்டுமானால் உங்களுக்குக் கீழே குறைந்தது 24 பேர் வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக. அந்த 24 பேரில் பெரும்பாலோர் இப்போது நீங்கள் நிற்கும் இடத்தில் வந்து நிற்பார்கள். 'ரேங்க்' ஏறிவிடலாம் என்று கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ வீட்டார் பெயரில் கூடுதல் ஐடி போடச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து, ஆதாரங்களைச் சேருங்கள். பணம் கட்டிய யுபிஐ அல்லது வங்கிப் பதிவு, பில், ப்ளான் விளக்கிய படங்கள், வாட்ஸ்அப் குழுவில் அப்லைன் அனுப்பிய வாக்குறுதிகள், உங்கள் ஐடி பக்கத்தில் காட்டும் இருப்புத் தொகை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து வெளியேறும் முன் இதைச் செய்ய வேண்டும், கேள்வி கேட்டவர்களைக் குழுவிலிருந்து நீக்குவது அங்கே வழக்கம். நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ, பொருளைத் திருப்பித் தருகிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதுங்கள். 2021 விதிகளின்படி நேரடி விற்பனை நிறுவனம் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவர் 48 வேலை மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் அதிகாரியே இல்லை என்பது தெரிந்தால், அதுவும் உங்கள் புகாரில் சேர வேண்டிய விஷயம்தான்.

பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். பணம் ஆன்லைனில் போயிருந்து, போய்ச் சில மணி நேரமே ஆகியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சட்டவிரோதமாகப் பணம் திரட்டுபவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி முன்னின்று நடத்தும் sachet.rbi.org.in தளத்தில் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் பெரிய அளவில் பலர் ஏமாந்திருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறையிடம் எல்லோரும் சேர்ந்து போவது நல்லது. உங்களுக்குக் கீழே நீங்கள் சேர்த்தவர்கள் இருந்தால், அவர்களுக்கும் நீங்களே போன் செய்து நிலைமையைச் சொல்லி, புகாரில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மூலம் உங்களுக்கு வந்த கமிஷன் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் அதே புகாரில் எழுதிவிடுங்கள். ஜோடிக் கணக்கில் அது எப்படியும் பதிவாகியிருக்கும்.